அடிக்கடி இடம் மாறும் கல்லூரி மாணவருக்கு கேமிங் லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

2024 ஆகஸ்டில் என் அக்கா மகன் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தான். வீடு நாகர்கோவிலில். கம்ப்யூட்டர் வாங்க வீட்டில் தொண்ணூறாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தார்கள். பாடத்துக்கு ஆட்டோகேட், சாலிட்ஒர்க்ஸ். மாலையில் வேலரன்ட், ஜிடிஏ 5. "அதே காசுக்கு டெஸ்க்டாப்தான் வேகமா இருக்கும்னு ஃபிரண்ட்ஸ் எல்லாரும் சொல்றாங்க, மாமா" என்று ஒரு பட்டியலைக் கொண்டுவந்து காட்டினான். சென்னை ரிச்சி தெருக் கடை ஒன்றில் கேட்டு வாங்கிய விலைப்பட்டியல் அது. அடியில் 65,000 என்று எழுதியிருந்தது.

நண்பர்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்தப் பேச்சில் கணக்கில் வராத கேள்வி ஒன்று இருந்தது. நான்கு வருடத்தில் எத்தனை தடவை மூட்டை கட்டப்போகிறான்?

உட்கார்ந்து எண்ணினோம். முதலில் நாகர்கோவிலிலிருந்து கோவைக்கு ஒரு தடவை. அவன் ஹாஸ்டலில் ஒவ்வொரு வருட முடிவிலும் அறையைக் காலி செய்துவிட வேண்டும், அடுத்த வருடம் வேறு அறை தருவார்கள். ஆகவே முதல் வருடம் முடிந்து போக, வர இரண்டு. இரண்டாம் வருடம் முடிந்து இன்னும் இரண்டு. மூன்றாம் வருடக் கடைசியில் ஓசூரில் இன்டர்ன்ஷிப் போகும் எண்ணம் இருந்தது, அதற்கு இரண்டு. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்குச் சென்னை, அதன் பிறகு வீடு. ஆக மொத்தம் ஒன்பது தடவை. டிசம்பர் விடுமுறைகளை இதில் சேர்க்கவே இல்லை.

இந்த ஒன்பது ஒரு வகை நகர்வு. இருப்பிடத்தையே மாற்றுவது. இன்னொரு வகை, தினமும் பையில் போட்டு வகுப்புக்கும் லேபுக்கும் கொண்டுபோய் வருவது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான பொருளை வாங்குகிறார்கள். கேமிங் லேப்டாப் முதல் வகைக்கு மிகப் பொருத்தம். இரண்டாவதற்கு சுமார்தான், ஏன் என்று பிறகு சொல்கிறேன். டெஸ்க்டாப் இரண்டாவதற்கு உதவவே உதவாது. முதல் வகைக்கு, வருடத்துக்கு ஒரு தடவை என்றால் சமாளிக்கலாம். ஒன்பது தடவை என்றால் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று உடையவோ கழலவோ வாய்ப்பிருக்கிறது.

சரி, எடுத்துப்போகும் வசதிக்காக வேகத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம்? முடிவே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பெயர் ஒன்று, வாட் வேறு

கேம் ஓடும்போது அதிகம் உழைப்பது கிராபிக்ஸ் சிப். அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் சூடாகத்தான் வெளியே வருகிறது. நூறு வாட் எடுத்தால் நூறு வாட் சூடு. பழைய நூறு வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியும். டெஸ்க்டாப் கேபினட்டில் அந்தச் சூட்டை வெளியேற்றப் பெரிய ஃபேன்களும் நிறைய காற்று வெளியும் இருக்கின்றன. லேப்டாப்பில் இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுக்குள் கிராபிக்ஸ் சிப்பும் பிராசஸரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே செப்புக் குழாய்கள் வழியாகச் சூட்டைத் தள்ள வேண்டும். அதனால் லேப்டாப் செய்பவர்கள் அந்தச் சிப்புக்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறார்கள். இத்தனை வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று.

இங்கேதான் புதிதாக வாங்குபவர் ஏமாறும் இடம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த வரம்பிலும் அமைக்கலாம். மெல்லிய, அழகான லேப்டாப் ஒன்றில் அதை 60 வாட்டில் கட்டிவைத்திருப்பார்கள். தடிமனான இன்னொன்றில் 115 வாட் கொடுத்திருப்பார்கள். இரண்டின் மேலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றுதான். கடையில் இரண்டையும் தூக்கிப் பார்க்கும்போது மெல்லியதுதான் மனதைக் கவரும், கேமில் அதுதான் பின்தங்கும். நூறு வாட்டை ஒட்டி வந்துவிட்டால் 4060-க்குப் போதும், அதற்கு மேல் கொடுத்தாலும் பெரிதாக வேகம் கூடுவதில்லை. ஆகவே 4060 லேப்டாப் பார்க்கும்போது நான் தேடுவது நூறு வாட் அல்லது அதற்கு மேல் என்ற எண்ணைத்தான்.

அந்த எண் எங்கே இருக்கும்? தயாரிப்பாளரின் இணையதளத்தில் விவரப் பட்டியலில் `TGP` அல்லது `Maximum Graphics Power` என்ற பெயரில் இருக்கும். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் மாதிரி லேப்டாப் என்றால் `NVIDIA Control Panel` திறந்து, `Help` மெனுவில் `System Information` போனால் அங்கேயும் பார்க்கலாம். விற்பனையாளர் "தெரியாது சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னால் நாமே திறந்து பார்த்துவிடுவது நல்லது.

இப்போது டெஸ்க்டாப்போடு ஒப்பிடுவோம். டெஸ்க்டாப் 4060 கார்டும் 115 வாட்தான். உள்ளே இருக்கும் கணக்கிடும் கோர்களின் எண்ணிக்கையும் லேப்டாப் சிப்பில் உள்ள அதே 3,072. நினைவகமும் அதே 8 ஜிபி. அதனால் நூறு வாட்டுக்கு மேல் கொடுத்திருக்கும் லேப்டாப், டெஸ்க்டாப்பை விடக் கொஞ்சம்தான் பின்தங்கும். ஆடிக்கொண்டிருக்கும்போது கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது.

ஆனால் ஒரு படி மேலே ஏறினால் கதை மாறுகிறது. டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4070 கார்டில் 5,888 கோர்கள், 12 ஜிபி, 200 வாட். லேப்டாப்பில் 4070 என்ற அதே பெயரில் வருவது 4,608 கோர்களும் 8 ஜிபியும் உள்ள வேறு சிப். அந்த 40 வரிசையின் உச்சியில் இருந்த 4090-ஐப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. டெஸ்க்டாப்பில் 16,384 கோர், லேப்டாப்பில் 9,728. காரணம் அதேதான். டெஸ்க்டாப் 4090 எடுக்கும் 450 வாட்டை எந்த லேப்டாப்பாலும் வெளியேற்ற முடியாது, அதனால் சின்ன சிப்பை வைத்துப் பெரிய பெயரைக் கொடுக்கிறார்கள். அடுத்து வந்த 50 வரிசையிலும் இது மாறவில்லை. 5070 டெஸ்க்டாப்பில் 12 ஜிபி, லேப்டாப்பில் 8 ஜிபி.

இதிலிருந்து என் முடிவு இது. நடுத்தர பட்ஜெட்டில், அதாவது 4050, 4060 வகையில், லேப்டாப்பால் நாம் இழப்பது குறைவு. பட்ஜெட் இரண்டு லட்சத்தைத் தாண்டும்போதுதான் இழப்பு பெரிதாகிறது. அவ்வளவு பணம் போடும் மாணவர், முடிந்தால் டெஸ்க்டாப்பும் ஒரு சாதாரண லேப்டாப்புமாகப் பிரித்து வாங்குவது மேல். என் அக்கா மகன் இருந்த இடம் முதல் வகை.

65,000 எப்படி 84,000 ஆனது

அவன் கொண்டுவந்த பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தோம். ரைசன் 5 5600 பிராசஸர், அதற்கேற்ற மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ், கேபினட், 4060 கார்டு. எல்லாம் நல்ல தேர்வுகள். ஆனால் அதில் மானிட்டர் இல்லை. 24 அங்குலத்தில் சுமாரான ஒன்று பத்தாயிரம். கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் மூவாயிரம். வைஃபை அந்த மதர்போர்டில் இல்லை, ஹாஸ்டலில் லேன் ஒயர் கிடையாது. அதற்கு ஓர் அடாப்டர், ஆயிரத்து ஐந்நூறு. யூபிஎஸ் நாலாயிரத்து ஐந்நூறு. ஆக 84,000. விலைகள் அந்த மாதத்தில் நாங்கள் விசாரித்தவை, இன்று வேறாக இருக்கும். கணக்கின் உருவம் மட்டும் மாறாது. லேப்டாப்பில் திரை, கீபோர்டு, வைஃபை, பேட்டரி எல்லாம் விலைக்குள்ளேயே இருக்கின்றன. டெஸ்க்டாப் பட்டியல் எழுதும்போது அவற்றை மறந்துவிடுகிறோம்.

யூபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. கடையில் சாதாரணமாகத் தருவது 600 விஏ. இதைப் பார்த்து 600 வாட் என்று நினைத்துவிடக் கூடாது, பெரும்பாலும் 360 வாட்தான் தரும். மேலே சொன்ன டெஸ்க்டாப்பில் கேம் ஓடும்போது மானிட்டரையும் சேர்த்து 300 வாட்டை நெருங்கும். கரண்ட் போனால் சேமித்துவிட்டு அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும், அவ்வளவுதான். பேட்டரி ஒன்றிரண்டு வருடம் பழசாகிவிட்டால் அதுவும் கிடைக்காது, கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டரும் போய்விடும். சாலிட்ஒர்க்ஸில் மூன்று மணிநேரம் வரைந்துவிட்டு இப்படி இழந்தவனின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். முடிந்தால் 1,000 விஏ வாங்குவது பாதுகாப்பு.

ஹாஸ்டல் வார்டன்கள் "டெஸ்க்டாப் கரண்ட் நிறைய இழுக்கும்" என்று தடுப்பதும் உண்டு. மின்சாரக் கணக்குப்படி இது தேவையற்ற பயம். சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் 230 வோல்ட்டுக்கு 1,380 வாட் வரை எடுக்கலாம். டெஸ்க்டாப்புக்கு அதில் கால்பங்கு கூட வேண்டியதில்லை. ஆனாலும் விதி விதிதான். சேரும்போதே டெஸ்க்டாப் அனுமதி உண்டா என்று கேட்டுவிட வேண்டும். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்பது. கேபினட்டைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்று இருந்தால் எர்த் இல்லை என்று பொருள். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யும் வரை அந்தப் பாயிண்டைப் பயன்படுத்த வேண்டாம்.

டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவது

எடையைப் பார்ப்போம். கேபினட் எட்டிலிருந்து பத்து கிலோ, மானிட்டர் நாலு கிலோ, யூபிஎஸ் நாலைந்து கிலோ. பதினெட்டு கிலோவைச் சுமந்துகொண்டு, துணிப் பெட்டியோடு, நாகர்கோவில் ஜங்ஷனில் இரவு ரயில் ஏற வேண்டும். ஒருவரால் முடியாது. அப்பாவோ நண்பனோ கூட வரவேண்டும், அல்லது கார் பிடிக்க வேண்டும். கேமிங் லேப்டாப் இரண்டே கால், இரண்டரை கிலோ. சார்ஜர் முக்கால் கிலோ. முதுகுப் பையில் அடங்கிவிடும்.

எடையைவிட எனக்குக் கவலை தருவது அதிர்ச்சி. பல வருடம் முன்பு திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வீடு மாறியபோது என் டெஸ்க்டாப்பை எதையும் கழற்றாமல் அப்படியே லாரியில் ஏற்றிவிட்டேன். சென்னையில் ஆன் செய்தால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரையில் எதுவும் இல்லை. திறந்து பார்த்தால் கிராபிக்ஸ் கார்டு ஒரு பக்கம் சாய்ந்து, ஸ்லாட்டின் கடைசியில் இருக்கும் பிளாஸ்டிக் பிடி முறிந்திருந்தது. கார்டு பிழைத்தது, மதர்போர்டை மாற்ற வேண்டியதாயிற்று. காரணம் எளிது. கேபினட் நின்ற நிலையில் இருக்கும்போது, முக்கால் கிலோ கார்டு ஒரு விளிம்பில் மட்டும் பிடிமானத்தோடு பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் அந்த எடை முழுவதும் ஸ்லாட்டைக் கீழே இழுக்கிறது.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. முதலில் ஒயர்கள் எங்கெங்கே இருந்தன என்று போனில் இரண்டு படம் எடுத்துக்கொள்வேன். மின்சாரத்தைத் துண்டித்து, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கிவிட்டு, கேபினட்டைத் திறப்பேன். கார்டுக்குப் போகும் பவர் ஒயரைக் கழற்றி, பின்பக்க ஸ்குரூவை எடுத்து, ஸ்லாட்டின் பிடியை அழுத்தியபடி கார்டை நேராக வெளியே எடுப்பேன். அது வந்த பளபளப்பான பையில் போட்டு, அதன் பெட்டிக்குள் வைத்து, கையில் எடுத்துப்போகும் பையில் வைத்துக்கொள்வேன். பிராசஸர் மேல் உயரமான கூலர் இருந்தால் அதையும் கழற்றுவது நல்லது. ஆனால் அதை மறுபடி மாட்டும்போது தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போட வேண்டும். கம்பெனி கொடுத்த சின்ன கூலர் என்றால் அப்படியே விடலாம். பக்கவாட்டுக் கண்ணாடியை எடுத்து இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டுவேன். கேபினட்டை மதர்போர்டு அடியில் வரும்படி படுக்கவைத்துதான் வண்டியில் ஏற்றுவேன். மானிட்டருக்கு அதன் சொந்தப் பெட்டியும் தெர்மகோலும்தான் பாதுகாப்பு, அவற்றை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடக் கூடாது. அதைப் படுக்கவைக்காமல் நிறுத்தித்தான் எடுத்துப்போக வேண்டும்.

புது அறையில் எல்லாம் மாட்டியபின் திரை வராவிட்டால் உடனே பயப்பட வேண்டாம். முதலில் மானிட்டர் ஒயர் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். அவசரத்தில் அதை மதர்போர்டின் பின்புறத்தில் சொருகிவிடுவார்கள், அது கார்டில் இருக்க வேண்டும். அது சரியென்றால் ரேமை எடுத்து, இரண்டு முனையிலும் டக்கென்று சத்தம் வரும்வரை மறுபடி அழுத்துங்கள். அப்புறம் கார்டின் பவர் ஒயர். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இத்தனையையும் ஒன்பது தடவை, தேர்வு முடிந்த மறுநாள் அறையைக் காலி செய்யும் அவசரத்தில் செய்ய வேண்டும். இதைக் கேட்டதும் அவனே லேப்டாப் பக்கம் சாய்ந்துவிட்டான்.

சின்ன கேபினட்டில் கட்டுவது ஒரு நடுவழி. மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம்தான், கேபினட்டே ஒரு பெரிய டிபன் கேரியர் பை அளவுக்குள் வந்துவிடும். ஆனால் அந்த வகை மதர்போர்டும் அதற்கேற்ற சின்ன எஸ்எம்பிஎஸ்ஸும் விலை கூடுதல், சிறிய ஊர்களில் கேட்டவுடன் கிடைக்காது. மானிட்டரையும் யூபிஎஸ்ஸையும் எப்படியும் தூக்கத்தான் வேண்டும். வருடத்துக்கு ஒரே தடவை மாறுபவருக்கு இது நல்ல வழி.

லேப்டாப்பிலும் தெரிந்துகொள்ள வேண்டியவை

பேட்டரி இருக்கிறது, அதனால் ரயிலில் கேம் ஆடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரி 60 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். சார்ஜரில் இருக்கும்போது கேமுக்கு லேப்டாப் மொத்தமாக 150 வாட்டுக்கு மேல் இழுக்கும். அப்படியே இழுத்தால் 24 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பேட்டரியால் அவ்வளவு வேகமாகக் கொடுக்கவும் முடியாது. அதனால் ஒயரைப் பிடுங்கியவுடன் லேப்டாப் தானாகவே வேகத்தைப் பாதிக்குக் கீழே இறக்கிவிடும். அப்படியும் ஒரு மணிநேரம் தாண்டுவது அரிது. ஆக, கேமிங் லேப்டாப் என்பது இடம் மாற்றக்கூடிய டெஸ்க்டாப். கேமுக்கு எப்போதும் பிளக் வேண்டும். கரண்ட் போனால் அணையாமல் வேகம் மட்டும் குறையும் என்பது அதன் பெரிய நன்மை.

வகுப்புக்குக் கொண்டுபோவதற்கு ஒரு வழி உண்டு. பல கேமிங் லேப்டாப்களில் டைப்-சி வழியாகவும் சார்ஜ் செய்யலாம். அப்படி இருந்தால் முக்கால் கிலோ சார்ஜரை அறையிலேயே விட்டுவிட்டு, 65 வாட் அல்லது 100 வாட் சின்ன சார்ஜரை மட்டும் பையில் போட்டுக்கொள்ளலாம். நோட்ஸ் எடுக்க, சின்ன வரைபடம் போட அது போதும். எல்லா டைப்-சி துளையும் இதைச் செய்யாது, எனவே விவரப் பட்டியலில் அதில் `Power Delivery` சார்ஜிங் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியும் தினமும் எடுத்துப்போக வேண்டிய பாடப்பிரிவு என்றால் இரண்டரை கிலோ தோளுக்குப் பாரம்தான். அவன் கல்லூரியில் சாலிட்ஒர்க்ஸ் லேபிலேயே இருக்கிறது. வாரம் இரண்டு நாள் கொண்டுபோனால் போதும் என்பதால் எங்களுக்கு இது பொருட்டாகவில்லை.

லேப்டாப்பின் உண்மையான பலவீனம் ரிப்பேர். டெஸ்க்டாப்பில் கார்டு போனால் கார்டை மட்டும் மாற்றலாம். லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அது போனால் மதர்போர்டு முழுவதும் போக வேண்டும், அந்தச் செலவு சில நேரம் பழைய லேப்டாப்பின் மதிப்பையே தொட்டுவிடும். பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் நாமே மாற்றக்கூடியவை ரேமும் எஸ்எஸ்டியும்தான். அதனால் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டிக்கும் பணத்தை லேப்டாப் விலையோடு சேர்த்தே நான் கணக்கிடுவேன். வாங்கும் முன் இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டுக்கே வந்து சரிசெய்யும் சேவை, கல்லூரி இருக்கும் ஊரின் பின்கோடுக்கும் சொந்த ஊரின் பின்கோடுக்கும் உண்டா? இடம் மாறும் மாணவருக்கு வேகத்தில் ஐந்து சதவீதம் கூடுவதைவிட இது பெரிது.

அப்புறம் சூடு. லேப்டாப் அடிப்பக்கம் வழியாகக் காற்றை இழுக்கிறது. கட்டிலில் போர்வை மேல் வைத்து ஆடினால் மூக்கைப் பொத்தியது போல ஆகிவிடும். மேஜை மேல் வைத்து, பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கிவைத்தாலே சூடு நன்றாகக் குறையும். ஹாஸ்டல் அறையில் துணிப் பஞ்சு நிறைய பறக்கும், அது உள்ளே உலோகத் தகடுகளுக்கு நடுவே போய் மெத்தைபோல் படிந்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் செய்ய வேண்டும்.

வாங்கிய வாரத்தில் செய்ய வேண்டிய சோதனை

கடைசியில் அவனுக்கு 4060 உள்ள, கொஞ்சம் தடிமனான ஒரு லேப்டாப் வாங்கினோம். வாரண்டி நீட்டிப்போடு தொண்ணூறாயிரத்தைச் சற்றுத் தாண்டியது, மீதியை நான் போட்டேன். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் சொன்ன வாட் உண்மையிலேயே வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். சார்ஜரை மாட்டி, லேப்டாப்பை `Performance` நிலையில் வைத்து, ஜிடிஏ 5 போல கனமான கேம் ஒன்றை ஓடவிட்டு, பக்கத்தில் `Command Prompt` திறந்து இதைத் தட்டச்சு செய்தோம்:

```
nvidia-smi --query-gpu=name,power.draw,temperature.gpu --format=csv -l 2
```

இரண்டு விநாடிக்கு ஒரு தடவை, கிராபிக்ஸ் சிப் எத்தனை வாட் எடுக்கிறது, எத்தனை டிகிரி சூட்டில் இருக்கிறது என்று ஒரு வரி வந்துகொண்டே இருக்கும். நிறுத்த `Ctrl+C`. முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, உலோகம் சூடேற நேரம் எடுக்கும். அரைமணி நேரம் விட்டோம். 95 வாட்டை ஒட்டியே நின்றது, சூடு 77 டிகிரி. நல்ல அறிகுறி.

எண்களைப் படிப்பது கடினமில்லை. வாட் 95-இல் தொடங்கி, இருபது நிமிடத்தில் 60-க்கு இறங்கி, அதே சமயம் சூடு 85-ஐத் தாண்டினால் சூட்டை வெளியேற்ற முடியாமல் லேப்டாப் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. காற்றுப் பாதை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். புது லேப்டாப்பில் மேஜை மேல் வைத்தும் இப்படி என்றால் திருப்பிக் கொடுங்கள். சூடு 65 டிகிரிதான், ஆனாலும் வாட் ஏறவில்லை என்றால் சூட்டின் மேல் பழியில்லை. சின்ன டைப்-சி சார்ஜர் மாட்டியிருக்கலாம், அல்லது அமைதி நிலையில் இருக்கலாம். வேலரன்ட் போன்ற இலகுவான கேம் ஓடிக்கொண்டிருந்தாலும் வாட் குறைவாகத்தான் காட்டும், அதனால்தான் கனமான கேமை வைத்துச் சோதிக்கச் சொல்கிறேன்.

பேட்டரிக்கும் ஒரு கட்டளை உண்டு:

```
powercfg /batteryreport
```

இது `battery-report.html` என்ற கோப்பை உருவாக்கும், எங்கே சேமித்தது என்று அதுவே சொல்லும். அதில் `DESIGN CAPACITY`, `FULL CHARGE CAPACITY` என்ற இரண்டு எண்களும் புது லேப்டாப்பில் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப் என்பதால், தயாரிப்பாளரின் மென்பொருளில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை அன்றே போட்டுவிட்டோம்.

முதல் நாள் வந்த வாட், சூடு எண்கள் இரண்டையும் அவன் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டான். முதல் வருடம் முடிந்து ஊருக்கு வந்தபோது மறுபடி ஓட்டிப் பார்த்தான். வாட் 78-க்கு இறங்கியிருந்தது, சூடு 86. அடி மூடியைத் திறந்தோம். ஃபேனுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒரு பட்டையாக ஒட்டியிருந்தது. ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். மூடிவிட்டு ஓட்டினால் 94 வாட், 78 டிகிரி.